நவ்ஜோத்: பார்சிக் குழந்தையின் வெள்ளைச் சட்டையும் இடுப்புக் கயிறும்

பார்சிக் குழந்தையைச் சொராஸ்திர மதத்துக்குள் சேர்க்கும் சடங்குக்கு நவ்ஜோத் என்று பெயர். அந்தப் பெயர் நம் காதில் 'நவ ஜோதி' என்று விழுகிறது. அக்கினியைப் போற்றும் மதம் வேறு. புதிய ஒளி என்று பொருள் கொண்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பார்சி அறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது வேறு. 'நவ்' என்பது புதிய என்பதுதான். 'ஜோத்' என்பது 'ஜோதே', அதாவது மந்திரம் ஓதுபவர். சொராஸ்திர மறைநூல்களின் பழைய மொழியான அவெஸ்தாவில் அவருக்கு 'ஜஓதர்' என்று பெயர். வேத வேள்வியில் மந்திரம் சொல்லும் 'ஹோதா'வும் இந்த 'ஜஓதர்'ரும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆக நவ்ஜோத் என்றால் 'புதிதாக ஓதத் தொடங்குபவர்'. சடங்கின் பெயர் அந்தக் குழந்தையைத்தான் குறிக்கிறது.

இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் சடங்கில் பாதி தானாகவே புரிந்துவிடும். சொராஸ்திர மதத்தில் பிறந்த குழந்தை அதுவரை பெற்றோரின் பிரார்த்தனை நிழலில் இருக்கிறது. நவ்ஜோத் அன்றிலிருந்து தன் பிரார்த்தனையைத் தானே சொல்ல வேண்டும். அதற்கு அடையாளமாக இரண்டு பொருள்கள் உடம்பில் ஏறுகின்றன. ஒன்று சுத்ரே, மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை. இன்னொன்று குஸ்தி, அந்தச் சட்டைக்கு மேல் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டும் கம்பளிக் கயிறு.

குஸ்தி என்று தமிழில் எழுதினால் மல்யுத்தம்தான் நினைவுக்கு வரும். அது முழுக்கத் தற்செயலும் இல்லை. பழைய பாரசீக மல்லர்கள் ஒருவர் இடுப்புக் கச்சையை ஒருவர் பிடித்துப் போரிட்டதால், கச்சையைக் குறித்த சொல்லே விளையாட்டுக்குப் பெயராயிற்று என்பது சொல்லாய்வாளர்கள் தரும் விளக்கம். நம் ஊர் குஸ்தி வாத்தியாரும் பார்சிக் குழந்தையின் கயிறும் தூரத்து உறவு.

இன்னொரு ஒப்பீடும் உடனே மனதில் எழும்: உபநயனம், பூணூல். இரண்டும் மிகப் பழைய ஒரு பொது மரபிலிருந்து கிளைத்தவை என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் வேறுபாடுகளைக் கவனித்தால்தான் நவ்ஜோத் விளங்கும். பூணூல் தோளில் தொங்குகிறது, குஸ்தி இடுப்பைச் சுற்றுகிறது. இங்கே ஆண், பெண் பேதம் கிடையாது. மகளுக்கும் மகனுக்கும் அதே சடங்கு, அதே சொற்கள், அதே கயிறு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூணூலை ஆவணி அவிட்டத்துக்கு மாற்றுவார்கள், மற்ற நாளெல்லாம் அது தோளிலேயே கிடக்கும். குஸ்தியை நாளுக்குப் பல முறை அவிழ்த்து, ஓதி, மறுபடி கட்ட வேண்டும். கட்டத் தெரியாதவருக்கு அது வெறும் கயிறு. அதனால்தான் நவ்ஜோத்துக்கு முந்தைய மாதங்கள் ஒரு பயிற்சிக் காலமாக ஆகின்றன.

எந்த வயதில்

இந்தியப் பார்சிகளிடம் ஏழு வயது முதல் பூப்படைவதற்கு முன்பு வரை என்பது வழக்கம். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை வயதைப் பலர் விரும்புவார்கள். பழைய நூல்கள் பதினைந்து வயதைக் கடைசி எல்லையாகச் சொல்கின்றன. அதற்கு மேல் ஆணோ பெண்ணோ இந்தச் சட்டையும் கயிறும் இல்லாமல் நடமாடுவதை வெந்திதாத் என்னும் நூல் கடுமையாகக் கண்டிக்கிறது. ஈரானில் இதே சடங்குக்குப் பெயர் 'செத்ரே பூஷி', செத்ரே உடுத்துதல் என்று பொருள்.

ஏழு வயது என்பதற்குக் காரணம் எளிது. மந்திரத்தை மனப்பாடம் செய்ய நாக்கு திரும்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிச்சுப் போட விரல் பழக வேண்டும். இரண்டும் ஐந்து வயதில் கொஞ்சம் கஷ்டம்.

சட்டை

சுத்ரேயைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரண உள்பனியன் போலத் தெரியும். மல் துணி, முழு வெள்ளை, அரைக்கை. எப்போதும் உடம்பை ஒட்டியே அணிய வேண்டும். அதற்கு மேல்தான் மற்ற உடை. நகையோ பூ வேலையோ கிடையாது. வெள்ளை தூய்மைக்கு என்பார்கள். மரபுப்படி இதில் ஒன்பது பகுதிகள் இருக்க வேண்டும்: முன்புறம், பின்புறம், இரண்டு கைகள், பக்கங்களில் தைக்கும் சிறு முக்கோணத் துண்டுகள் என்று எண்ணிக்கொண்டு போகலாம். ஒன்பதையும் ஒரு குழந்தை நினைவில் வைத்திருக்காது. இரண்டை மட்டும் மறக்காது, சொல்லிக்கொடுப்பவர்களும் அந்த இரண்டில்தான் நிற்பார்கள்.

முதலாவது கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு நேராக, ஏறத்தாழ ஓர் அங்குலச் சதுரத்தில் ஒரு குட்டிப் பை. 'கிரேபான்' என்று பெயர். 'கிஸ்ஸே இ கெர்ஃபே' என்றும் சொல்வார்கள், நற்செயல்களின் பை. ஒரு ரூபாய்க் காசைக்கூட வசதியாக வைக்க முடியாது. அது பொருள் வைக்கவும் இல்லை. அன்றைக்குச் செய்த நல்ல காரியத்தை இதில் போட வேண்டும், ராத்திரி படுக்கும்போது பை காலியா நிறைந்ததா என்று பார்க்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு மதத்தை விளக்க இதைவிடக் கச்சிதமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளைகள் உண்மையிலேயே விரலை நுழைத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது பிடரிக்குக் கீழே பின்புறம் இருக்கும் அரைவட்ட மடிப்பு, 'கிர்தோ'. முன்னால் இருப்பது செய்து முடித்தவற்றுக்கு, பின்னால் இருப்பது இனி சுமக்க வேண்டிய பொறுப்புக்கு என்று விளக்குபவர்கள் உண்டு. இத்தகைய விளக்கங்கள் குடும்பத்துக்குக் குடும்பம், குருவுக்குக் குரு கொஞ்சம் மாறும். முன்பையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்.

கயிறு

குஸ்தி ஆட்டுக்குட்டியின் ரோமத்தில் நெய்வது. பருத்தி கூடாது. முறுக்கிய கயிறு என்று நினைத்துவிடக் கூடாது; உள்ளே குழல் போல வெறுமையாக, தட்டையாக நெய்த நாடா அது. ரோமத்தை நூற்று, இரண்டு இழையை ஒன்றாக முறுக்கி ஒரு நூலாக்குவார்கள். அந்த நூலை ஒரே நீளமாக, அறுக்காமல், சிறிய தறியில் 72 முறை ஓட்டுவார்கள். 'ஜந்தர்' என்று அந்தத் தறிக்குப் பெயர். வீட்டுத் திண்ணையில் வைத்து வேலை செய்யும் அளவுதான். மரபாக இது குரு குடும்பத்துப் பெண்களின் கைவேலை. குஜராத்தில் நவ்சாரி அதற்குப் பேர் போன ஊர்.

72 என்ற எண்ணுக்குப் பின்னால் 'யஸ்னா' என்ற வழிபாட்டு நூலின் 72 அதிகாரங்கள் இருக்கின்றன. அதாவது இடுப்பில் சுற்றியிருப்பது ஒரு வகையில் முழு நூல். அந்த 72 இழை ஆறு பிரிவாக, பிரிவுக்கு 12 இழையாக நிற்கும். ஆறு, ஆண்டில் வரும் ஆறு 'கஹம்பார்' பருவ விழாக்களுக்கு, பன்னிரண்டு, மாதங்களுக்கு. நுனிகளில் பக்கத்துக்கு மூன்று குஞ்சம், ஒவ்வொன்றிலும் 24 இழை.

நெசவில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். பெண் நெய்து முடிக்கும்போது கயிறு இன்னும் வளையமாகவே இருக்கும், வெட்டுவதில்லை. அதைக் குருவிடம் கொண்டுபோவார்கள். அவர் மந்திரம் ஓதி வளையத்தை அறுத்துக் கொடுப்பார். அந்த வெட்டோடுதான் அது குஸ்தியாகிறது. பிறகு மறுபடி பெண்ணின் கைக்கு வரும். ஊசியால் உள்புறத்தை வெளியே திருப்பி, நுனிகளைப் பின்னிக் குஞ்சமாக்கி, அலசி முடிப்பார். பெண்ணிடம் தொடங்கி, குருவிடம் போய், பெண்ணிடம் முடிகிற பொருள்.

குழந்தைக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியது நீளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இடுப்பு 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று சுற்றுக்கே 165 சென்டிமீட்டர் போய்விடும். நான்கு முடிச்சுக்கும், பின்னால் தொங்கும் நுனிக்கும் அதற்கு மேல் வேண்டும். குறைந்தால் கடைசி முடிச்சு எட்டாது. பெரியவர்களுக்கான கயிற்றைக் கொடுத்தாலோ மீதி முழங்கால் வரை தொங்கிக் கழிப்பறையில் தண்ணீரில் நனையும்.

கட்டும் முறை

நவ்ஜோத்தின் உண்மையான பாடம் இதுதான் என்பதால் கொஞ்சம் மெதுவாகப் போவோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் முகம், கை, கால் கழுவ வேண்டும். 'பாத்யாப்' என்பார்கள். பிறகு வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காலையானால் கிழக்கு, இரவானால் விளக்கு. சொராஸ்திரர்கள் நெருப்பை வணங்குகிறார்கள் என்று வெளியார் சொல்வது இந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டதுதான். வெளிச்சம் அவர்களுக்குக் கடவுளான அஹுரா மஸ்தாவின் அடையாளம், நிற்க ஒரு திசை. 'கெம் நா மஸ்தா' என்று தொடங்கும் காப்பு மந்திரத்தைச் சொல்லி முடித்ததும் கயிற்றை அவிழ்க்கலாம். பின் முடிச்சு முதலில், முன் முடிச்சு பிறகு.

அவிழ்த்த கயிற்றை இரண்டாக மடித்து இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, 'ஹோர்மஸ்த் கோதாயே' என்ற அடுத்த மந்திரம். கடவுளின் பெயர் வரும்போது தலை தாழ்கிறது, கயிறு நெற்றியைத் தொடுகிறது. தீய சக்தியான அஹ்ரிமனின் பெயர் வரும்போது தொங்கும் நுனிகளைச் சுரீரென்று ஒரு சாட்டை போல உதறுகிறார்கள். பழக்கப்பட்ட பெரியவர் உதறினால் 'டப்' என்று சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு மந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இது. தேவைக்கு மேல் நாலு தடவை உதறுவதும், பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டு அதட்டு வாங்குவதும் உண்டு.

இப்போது கட்டுவது. சிறுமி கயிற்றின் நடுப்பகுதியை வயிற்றுக்கு நேராக வைக்கிறாள். 'யதா அஹூ வைரியோ' என்று தொடங்குகிறாள். 21 சொற்கள் கொண்ட, இந்த மதத்தின் மிகப் புனிதமான மந்திரம். இரண்டு நுனிகளையும் பின்னால் கொண்டுபோய், கை மாற்றி, முன்னால் கொண்டுவருகிறாள். இத்தோடு இரண்டு சுற்று ஆயிற்று. எப்படி என்றால், வலது நுனி முன்னிருந்து பின்னுக்கு அரைச் சுற்று, இடது நுனி அரைச் சுற்று, சேர்ந்து ஒன்று. பின்னிருந்து முன்னுக்கு வரும்போது இன்னொன்று. கயிற்றை ஒரு நுனியிலிருந்து சுற்றாமல் நடுவிலிருந்து சுற்றுவதால் எண்ணிக்கை இப்படி வருகிறது. புதிதாகப் பழகுபவர்கள் குழம்பி, மூன்று சுற்று ஆகவில்லையே என்று இன்னொரு தடவை சுற்றிவிடுவார்கள். கயிறு போதாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

முன்னால் முதல் முடிச்சு. மந்திரத்தில் 'ஷ்யஓதனநாம்' என்ற சொல் நாக்கில் வரும் கணத்தில் அது விழ வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பொருள் 'செயல்களின்'. மந்திரத்தை இரண்டாம் முறை சொல்லி, மறுபடி அதே சொல்லில் இரண்டாம் முடிச்சு. செயல் என்ற சொல்லைச் சொல்லும்போதே கை ஒரு செயலைச் செய்து முடிக்கிறது. இது யாரோ உட்கார்ந்து யோசித்து அமைத்த ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு நுனிகளை மறுபடி பின்னால் கொண்டுபோகிறாள்; மூன்றாவது சுற்று. 'அஷெம் வோஹூ' என்ற 12 சொல் மந்திரத்தோடு பின்னால் இரண்டு முடிச்சு. மூன்று சுற்றும் நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்ற மூன்றுக்கு. நான்கு முடிச்சுக்கும் பழைய நூல்கள் பொருள் சொல்கின்றன: கடவுள் ஒருவரே, இந்த நெறி அவர் வாக்கு, ஜரதுஷ்டிரர் அவர் தூதர், நான் என்னால் முடிந்த நன்மையைச் செய்வேன்.

முடிச்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் பாதியில் வலது நுனியை இடதின் மேல் போட்டால் அடுத்த பாதியில் இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு குறுக்காகத் திரும்பி நிற்கும், பள்ளிக்கூடத்தில் ஓடியாடினால் நழுவிவிடும். சரியாக விழுந்த முடிச்சு தட்டையாக, கயிற்றோடு கயிறாகப் படிந்திருக்கும், பார்த்தாலே தெரியும். பின் முடிச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் அறிய வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வாய் மந்திரத்தை முடித்துவிடும், கை இன்னும் முதுகுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கும். அப்படியானால் மந்திரத்தை நிதானமாகச் சொல்லச் சொல்வதுதான் மருந்து. கையை வேகப்படுத்தினால் முடிச்சு கெடும்.

மொழி இன்னொரு தடை. இந்த மந்திரங்கள் அவெஸ்தா மொழியிலும் அதற்குப் பிந்தைய பாரசீக மொழிகளிலும் இருக்கின்றன. இந்தியப் பார்சிகள் வீட்டில் பேசுவது குஜராத்தி. பிரார்த்தனைப் புத்தகமும் நெடுங்காலம் குஜராத்தி எழுத்தில்தான். பம்பாயில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த எழுத்தும் தெரியாது. எனவே பாட்டி சொல்ல, கேட்டுக் கேட்டு வாயில் ஏற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன் என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு. நம் வீட்டு சந்தியாவந்தனத்தையோ வேறெந்த மந்திரத்தையோ நினைத்துப் பார்த்தால் இந்த வாதம் நமக்குப் புதிதல்ல.

அந்த நாள்

வீட்டு வாசலில் சுண்ணப் பொடியில் கோலம். ஆமாம், பார்சி வீட்டிலும் கோலம் உண்டு. துளையிட்ட தகரத்தில் பொடியை நிரப்பித் தட்டி மீன், பூ உருவங்களைப் பதிப்பார்கள். நிலையில் பூத்தோரணம். பம்பாயானால் சடங்கு அல்பிலஸ் பாக் போன்ற ஒரு பார்சி மண்டபத்தில் நடக்கும், இல்லையென்றால் அகியாரி என்னும் நெருப்புக் கோவிலில். இப்போது பெரும்பாலும் மாலையில், சூரியன் மறைவதற்கு முன்பாக. சென்னையில் ராயபுரத்தில் 1910-இல் எழுந்த அகியாரி ஒன்று இருக்கிறது. இங்குள்ள சிறிய பார்சிச் சமூகத்துக்கு அதுதான் கோவில்.

முதலில் 'நாஹ்ன்', சடங்குக் குளியல். குழந்தை மாதுளை இலை ஒன்றை மெல்லும். பிறகு 'நீரங்' என்ற பொருளை மூன்று முறை ஒரு துளி அருந்தும். இது மந்திரம் ஓதிப் புனிதமாக்கிய எருதுக் கோமியம். பஞ்சகவ்யம் தெரிந்த நமக்கு இது அதிர்ச்சியாக இராது. இன்றைய குடும்பங்கள் பலவற்றில் இதற்குப் பதில் மாதுளைச் சாறு தருகிறார்கள். குருவும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குளித்து முடித்ததும் வெள்ளைப் பைஜாமா, தலையில் தொப்பி, மேலே சட்டை இல்லாமல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி மேடைக்கு அழைத்து வருவார்கள். சடங்கு முழுக்கச் சட்டை போடுவதைப் பற்றியது என்பதால் வெறும் தோளோடு வருவதற்குப் பொருள் இருக்கிறது.

மேடையேறும் முன் அம்மா 'ஆச்சு மீச்சு' செய்வாள். முட்டை, தேங்காய், பாக்கு, அரிசி இவற்றை ஒவ்வொன்றாகக் குழந்தையின் தலையைச் சுற்றி உடைப்பதும் வீசுவதும். இது நம் திருஷ்டி கழித்தலேதான், முட்டை ஒன்றுதான் வித்தியாசம். குஜராத்தில் நூற்றாண்டுகள் வாழ்ந்ததன் தடம் இது; மந்திரங்களில் இல்லாத பல உள்ளூர்ப் பழக்கங்கள் இப்படிச் சடங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மேடையில் விரிப்பு, எதிரே வெள்ளை உடையில் குரு. பிள்ளைகள் 'தஸ்தூர்ஜி' என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளிக் கலசத்தில் சந்தனக் கட்டையும் சாம்பிராணியும் இட்ட நெருப்பு, நெய் விளக்கு, தட்டுத் தட்டாகப் புது உடை, அரிசி, பூ. 'செஸ்' என்கிற வெள்ளித் தட்டில் பன்னீர்ச் சொம்பு, குங்குமச் சிமிழ், கற்கண்டு, தேங்காய், வெற்றிலை. நம் தாம்பூலத் தட்டைத் தூக்கி அங்கே வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முதலில் 'பதேத்', குற்றங்களுக்கு வருந்தும் பிரார்த்தனை. ஏழு வயதில் என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றும். குருமார்கள் ஓத, குழந்தை தெரிந்ததைக் கூடச் சொல்லும். அடுத்துச் சுத்ரேயைக் குழந்தை தன் கையிலேயே பிடித்துக்கொள்ள, குரு தன் கையை அதன் கை மேல் வைப்பார். இருவரும் சேர்ந்து 'தீன் நோ கல்மோ' என்ற நம்பிக்கைப் பிரகடனத்தைச் சொல்வார்கள். ஜரதுஷ்டிரர் கொண்டுவந்த இந்த நெறி நேரானது, நல்லது என்பது அதன் சாரம். பிறகு 'யதா அஹூ வைரியோ'. மந்திரம் நடக்க நடக்க சட்டை தலை வழியாக இறங்குகிறது. போர்த்திய துணி அகலுகிறது. கூட்டத்தில் கேமராக்கள் எழும்புவது இந்த இடத்தில்தான்.

சட்டை ஏறியதும் குழந்தை எழுந்து நிற்கும். குரு அதன் பின்னால் போய், அதே திசையைப் பார்த்து நின்று, தன் கைகளைக் குழந்தையின் இரு பக்கமும் முன்னால் நீட்டிக் கயிற்றைப் பிடிப்பார். மந்திரத்தைக் குழந்தை உரக்கச் சொல்ல, கூடவே அவரும் ஓதிக்கொண்டே கட்டுவார். நாம் மேலே பார்த்த அத்தனையும்: உதறல், இரண்டு சுற்று, 'ஷ்யஓதனநாம்', முன் முடிச்சு, மூன்றாம் சுற்று, பின் முடிச்சு. குழந்தை மறந்து நின்றால் குருவின் குரல் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சபையில் தவறிவிடுமோ என்ற பயம் வேண்டியதில்லை. தவறினால் சடங்கு கெட்டுப்போகும் என்றும் யாரும் சொல்வதில்லை.

கட்டி முடித்ததும் குழந்தை 'ஜஸ மே அவங்ஹே மஸ்தா' என்று சொல்லும்; 'மஸ்தாவே, எனக்குத் துணை வா'. அதைத் தொடர்ந்து நல்ல எண்ணத்தையும் சொல்லையும் செயலையும் போற்றுவதாகவும், சச்சரவை ஓயவைத்து ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்யும் இந்த நெறியில் நிற்பதாகவும் உறுதி சொல்கிறது. யஸ்னாவின் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்து வரும் வரிகள் இவை. இந்தச் சொற்களோடு குழந்தை சொராஸ்திரர் ஆகிவிட்டது.

மீதி ஆசீர்வாதம். நெற்றியில் குங்குமம்: ஆண் குழந்தைக்கு நீள வாக்கில், பெண் குழந்தைக்கு வட்டமாக. கழுத்தில் மாலை, கையில் தேங்காய். குரு 'தந்துரோஸ்தி' என்ற உடல்நல வாழ்த்தை ஓதியபடி அரிசி, மாதுளை முத்து, தேங்காய்ச் சில்லு, திராட்சை, பாதாம் எல்லாம் கலந்ததைத் தலையில் தூவுவார். பிள்ளையின் காலருக்குள் அரிசி புகுந்து அரிக்கும். அதன் பிறகு புது உடை, உறவினர்கள் நீட்டும் பண உறைகள், அம்மாவின் பூவேலைச் சீனப்பட்டுச் சேலையைப் பற்றிய பேச்சு, கடைசியில் விருந்து. வாழையிலை போட்டுத்தான். மசாலா தடவி இலையில் சுற்றி வேகவைத்த 'பத்ரா நி மச்சி' மீனும், மேலே பொரித்த உருளைக் குச்சிகள் தூவிய கறியும், முட்டைப் பால் கஸ்டர்டும் வரிசையாக வரும்.

யாருக்குச் செய்யலாம்

இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது, ஏனென்றால் பார்சிகளிடையே மிகவும் சூடாக நடக்கும் விவாதம் இது. தொழிலதிபர் ஆர்.டி. டாடா மணந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு நவ்ஜோத் செய்தார்கள். அவரைப் பார்சியாக ஏற்பதா என்ற சச்சரவை ஒட்டி எழுந்த வழக்கில் 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி பார்சிகள் என்பவர் ஈரானிலிருந்து முதலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், இந்தியாவில் உள்ள ஈரானிய சொராஸ்திரர்கள், வேற்று இனத் தாய்க்குப் பிறந்தாலும் பார்சித் தந்தையின் பிள்ளைகள். வெளியே மணந்த பார்சித் தாயின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இன்றும் பல குருமார்கள் அப்படிப்பட்ட குழந்தைக்கு நவ்ஜோத் செய்ய மறுக்கிறார்கள், செய்து வைக்க முன்வரும் குருமார்களும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியப் பார்சிகள் 57,264 பேர். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒவ்வொரு குழந்தையின் நவ்ஜோத்தும் ஓர் எண்ணிக்கைக் கேள்வியாக மாறிவிடுவது புரிந்துகொள்ளக் கூடியதே. தந்தைக்கு ஒரு நியாயம், தாய்க்கு ஒரு நியாயம் என்பது மட்டும், மகனுக்கும் மகளுக்கும் ஒரே கயிற்றைக் கட்டும் ஒரு மரபில், எனக்குப் பொருந்தவில்லை.

மறுநாள் காலை

விருந்து முடிந்து, உறைகளை எண்ணி, தூங்கி எழுந்த காலையில்தான் சிறுமி முதன்முதலாகத் தனியாக நிற்கிறாள். நேற்று பின்னால் இருந்து நீண்ட கைகள் இன்று இல்லை. முகம் கழுவுகிறாள், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறாள், பின் முடிச்சை அவிழ்க்கத் தேடுகிறாள். குரு இறுக்கிக் கட்டியது, வரவில்லை. பாட்டி உதவ வருவாள். அவிழ்த்துக் கொடுப்பாளே தவிரக் கட்டிவிட மாட்டாள். எழுந்ததும், கழிப்பறை போய் வந்ததும், குளித்ததும், சாப்பிடும் முன்பும், பிரார்த்தனைக்கு முன்பும் என்று அன்றைக்கு இன்னும் நாலைந்து தடவை இது நடக்கும். மதியத்துக்குள் 'ஷ்யஓதனநாம்' வரும்போது விரல் தானாக மடங்கத் தொடங்கிவிடும். பின் முடிச்சு தட்டையாகப் படிய இன்னும் ஒரு வாரமாவது பிடிக்கும்.